நிகழ்ச்சி நிரலிலிருந்து மடிப்பு அழைப்பிதழ்: நான்கு பக்கங்களைச் சரியான வரிசையில் அமைக்கும் முறை

திருமண நிகழ்ச்சி நிரலின் வரைவு பெரும்பாலும் கணினியில் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதை அப்படியே நான்கு பகுதியாகப் பிரித்து, தாளின் ஒரு புறத்தில் 1, 2 பக்கங்களையும் மறுபுறத்தில் 3, 4 பக்கங்களையும் அச்சிட்டு மடித்தால் அட்டை தவறாக வரும். முகப்பு இருக்க வேண்டிய இடத்தில் அழைப்பு வாசகம் இருக்கும், மணமக்கள் பெயர் தாங்கிய முகப்பு பின்னால் போய்விடும், உள்ளே இடப்பக்கம் நிகழ்ச்சிகளும் வலப்பக்கம் முகவரியும் நிற்கும். படிக்கும் வரிசை வேறு, தாளில் அச்சாகும் வரிசை வேறு என்பதே காரணம். ஒரே ஒரு மடிப்புள்ள, இடப்புறம் மடிப்பு வரும் நான்கு பக்க அட்டையை மட்டும் இங்கே முழுதாகப் பார்க்கலாம். பெரும்பாலான அழைப்பிதழ்களுக்கு இது போதும்.

ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வைத்தால் அகலம் 297 மி.மீ., உயரம் 210 மி.மீ. நடுவில் மடித்தால் ஒவ்வொரு பக்கமும் 148.5 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமுமாக, ஏறக்குறைய ஏ5 அளவில் கிடைக்கும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் இதற்கானவை.

முதலில் ஒரு வெற்றுத்தாள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்து, மடிப்பு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். மேலே தெரியும் பக்கத்தில் பென்சிலால் 1 என்று பெரிதாக எழுதி, எண்ணுக்கு மேலே நோக்கி ஓர் அம்புக்குறியும் போடுங்கள். அட்டையைத் திறந்து இடப்புறம் 2, வலப்புறம் 3. மூடித் திருப்பிப் பின்பக்கத்தில் 4. எல்லாவற்றிலும் அம்புக்குறி இருக்கட்டும்.

இப்போது தாளை முழுவதும் விரித்து வையுங்கள். நீங்கள் காண்பது இதுதான்:

வெளிப்புறம்: இடப்பாதியில் 4, வலப்பாதியில் 1
உட்புறம்: இடப்பாதியில் 2, வலப்பாதியில் 3

இன்னொன்றையும் கவனியுங்கள். 1-இன் நேர் பின்னால் 2 இருக்கிறது, 4-இன் நேர் பின்னால் 3 இருக்கிறது. அச்சிட்ட பிறகு சரிபார்க்க இது உதவும். ஒரே புறத்தில் பக்கத்துப் பக்கமாக வரும் எண்களைக் கூட்டினால் இரண்டு புறமும் 5 வருகிறது. மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் அது. எட்டுப் பக்க அட்டை செய்ய நேர்ந்தால் கூட்டுத்தொகை 9 ஆகும்: முதல் தாளின் வெளிப்புறம் 8, 1, உட்புறம் 2, 7. இரண்டாம் தாளில் 6, 3, அதன் மறுபுறம் 4, 5.

இந்த மாதிரித்தாளை வேலை முடியும்வரை மேசையிலேயே வைத்திருங்கள். குழப்பம் வரும்போது மனத்துக்குள் மடித்துப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது பாதுகாப்பு.

வரைவை நான்காகப் பிரித்தல்

வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அழைப்பு வாசகம், இருவீட்டாரின் பெயர்கள், மணமக்கள் பெயர், நாளும் கிழமையும், அரங்கின் முகவரி, பிறகு ஆறு நிகழ்ச்சிகள் (காலை 9.00 விருந்தினர் வரவேற்பு, 10.00 திருமணம், 11.00 பெரியோர் வாழ்த்துரை, 12.30 மதிய விருந்து, மாலை 5.30 இசை நிகழ்ச்சி, 6.30 வரவேற்பு), கடைசியில் வழி, தொடர்பு எண்கள், வாகனம் நிறுத்துவது பற்றிய ஒரு குறிப்பு.

முகப்பில் மணமக்கள் பெயரும் நாளும் மட்டும் போகட்டும். முகப்பில் இடம் காலியாக இருக்கிறதே என்று அரங்கின் முகவரியையும் அங்கே ஏற்றும் ஆசை வரும். அதை விட்டுவிடுங்கள், முகப்பில் வெற்றிடம் நன்றாகவே இருக்கும். 2-ஆம் பக்கத்தில் அழைப்பு வாசகம், இருவீட்டார் பெயர்கள். 3-இல் நிகழ்ச்சிகள் முழுவதும். பின்னட்டையான 4-இல் முகவரி, வழி, தொடர்பு எண்கள், வாகனக் குறிப்பு. வழியில் வந்துகொண்டிருப்பவர் அட்டையைத் திறக்காமலே முகவரியைப் பார்க்க முடிவதால் அவை பின்னால் இருப்பது வசதி.

நிகழ்ச்சிப் பட்டியலை 2-இன் அடியில் தொடங்கி 3-இல் தொடரவிட வேண்டாம். மடிப்பைத் தாண்டி ஓடும் பட்டியலைப் பார்ப்பவர், வலப்பக்கத்தின் முதல் வரியையே நாளின் முதல் நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வார்.

நாள் இப்போது முகப்பிலும் அழைப்பு வாசகத்திலும் என இரண்டு இடத்தில் வருகிறது. அதில் திருத்தம் வந்தால் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பதுதான் அழைப்பிதழில் அதிகம் நடக்கும் பிழை. எனவே எந்தெந்தத் தகவல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று மாதிரித்தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு கொள்ளும்? நான்கு புறமும் 15 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு 118.5 மி.மீ. அகலமும் 180 மி.மீ. உயரமும் மிஞ்சும். 12 புள்ளி எழுத்துக்கு 17 புள்ளி வரி உயரம் கொடுத்தால் ஒரு வரிக்கு 6 மி.மீ. ஆகும், அதாவது 30 வரி. ஆனால் அழைப்பிதழை 30 வரியால் நிரப்பினால் அது அறிக்கை போல் ஆகிவிடும். 20 வரிக்கு மேல் போகாமல் பாருங்கள். தமிழில் வரி உயரத்தைக் குறைத்து இடம் சேமிக்க நினைக்காதீர்கள். மேல் வரியின் கு, மூ போன்ற எழுத்துகளின் கீழ்ச் சுழியும் கீழ் வரியின் தி, கீ போன்றவற்றின் மேல் கொக்கியும் ஒன்றோடொன்று உரசும். இடம் போதவில்லை என்றால் வாசகத்தைச் சுருக்குவதே வழி. ஐந்தாவது பக்கம் சேர்ப்பது வழியல்ல, ஏனென்றால் மடிப்புத் தாளில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். ஒரு பக்கத்துக்காக இன்னொரு தாள் சேர்த்தால் மூன்று பக்கம் வெறுமையாக நிற்கும்.

கணினியில் அமைத்தல்

விலை கொடுத்து வாங்கும் வடிவமைப்பு மென்பொருள் இதற்குத் தேவையில்லை. இரண்டு நெடுவரிசையுள்ள இரண்டு படுக்கைப் பக்கங்களே போதும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் Format பட்டியில் Page Style திறந்து, Page தாவலில் A4, Landscape தேர்ந்து, நான்கு ஓரங்களுக்கும் 1.5 செ.மீ. கொடுங்கள். அதே பெட்டியில் Columns தாவலுக்குப் போய் நெடுவரிசை எண்ணிக்கை 2, இடைவெளி 3 செ.மீ. என்று வையுங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டில் Layout பட்டியில் Orientation, Margins இரண்டையும் அமைத்த பின் Columns, More Columns வழியாகப் போய் Two தேர்ந்து Spacing-இல் 3 செ.மீ. கொடுக்க வேண்டும்.

இடைவெளி ஏன் சரியாக 3 செ.மீ.? நடுமடிப்பு அந்த இடைவெளியின் நடுவில் விழ வேண்டும். அப்போதுதான் மடிப்பின் இரு புறமும் 1.5 செ.மீ. ஓரம் கிடைத்து, வெளி ஓரத்துக்குச் சமமாகும். கணக்கைப் பாருங்கள்: 15 + 118.5 + 15 = 148.5. தாளின் சரிபாதி. வேர்டு தானாகத் தரும் இடைவெளியை அப்படியே விட்டால் அது இதைவிடக் குறைவாக இருக்கும். எழுத்துகள் மடிப்பை நெருங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் வாசகம் நடுவில் இல்லாமல் மடிப்புப் பக்கமாகச் சாய்ந்து தெரியும்.

இனி உள்ளடக்கத்தை இந்த வரிசையில் ஒட்ட வேண்டும்: முதலில் 4, பிறகு 1, பிறகு 2, பிறகு 3. பின்னட்டையின் வாசகம் முடிந்ததும் Ctrl+Shift+Enter அழுத்தினால் அடுத்த நெடுவரிசைக்குப் போகும். அங்கே முகப்பு. அது முடிந்ததும் Ctrl+Enter அழுத்தி அடுத்த தாள்பக்கத்துக்குப் போங்கள். அங்கே இடப்பக்கம் அழைப்பு வாசகம், மறுபடி Ctrl+Shift+Enter, வலப்பக்கம் நிகழ்ச்சிகள். திரையில் முதல் பக்கத்தின் இடப்புறம் முகவரியும் வலப்புறம் மணமக்கள் பெயரும் தெரிவது முதலில் விசித்திரமாக இருக்கும். மாதிரித்தாளின் வெளிப்புறத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும்.

ஒரு பகுதி தன் நெடுவரிசையை மீறி வழிந்தால் அடுத்தவை எல்லாம் நகர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. திரையின் அடியில் மொத்தப் பக்கம் 2 என்று காட்ட வேண்டிய இடத்தில் 3 என்று காட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்த எண்ணை ஒரு முறை பாருங்கள்.

முகப்பில் பெயர்களை நடு உயரத்துக்குக் கொண்டுவர Enter-ஐத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டாம். எழுத்தளவை மாற்றினால் அந்த வெற்று வரிகளின் உயரமும் மாறி, எல்லாம் இடம்பெயரும். முதல் வரியின் பத்தி அமைப்பில் மேல் இடைவெளியாக, உதாரணமாக 6 செ.மீ. கொடுங்கள். வேர்டில் பக்க உச்சியில் இந்த இடைவெளி சில கோப்புகளில் வேலை செய்யாமல் போகலாம். அப்போது உச்சியில் ஒரே ஒரு வெற்றுப் பத்தியை வைத்து, அதன் வரி உயரத்தை Exactly என்று தேர்ந்து வேண்டிய அளவுக்கு உயர்த்துங்கள்.

நிகழ்ச்சிகளில் நேரத்தையும் பெயரையும் இடைவெளிப் பட்டையால் பிரித்தால் வரிக்கு வரி முன்னும் பின்னுமாக நிற்கும், ஏனென்றால் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை. நேரம் எழுதி Tab அழுத்தி நிகழ்ச்சியின் பெயரை எழுதுங்கள். பட்டியல் முழுவதையும் தேர்ந்து இட ஓரத்தை 3.5 செ.மீ. உள்ளே தள்ளி, முதல் வரியை மட்டும் 3.5 செ.மீ. வெளியே இழுங்கள். இப்போது நீளமான பெயர் இரண்டாம் வரிக்கு மடிந்தாலும் நேரத்துக்குக் கீழே போகாமல் பெயருக்குக் கீழேயே நிற்கும். பெயரும் முன்னெழுத்தும் இரண்டு வரியாகப் பிரியக் கூடாத இடங்களில் நடுவில் Ctrl+Shift+Space கொண்டு பிரியாத இடைவெளி வையுங்கள்.

எழுத்துரு

வரைவு பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரியும். தொடக்கத்திலேயே யூனிகோடாக மாற்றி, மாற்றிய பிறகு வரிவரியாக மெய்ப்புப் பாருங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறியிருக்கலாம். அச்சுக்கு எப்போதும் பிடிஎஃப் கோப்பையே பயன்படுத்துங்கள். எழுத்துரு அதனுள் பதிந்திருக்கிறதா என்பதை அடோபி ரீடரில் Properties பெட்டியின் Fonts தாவல் காட்டும். எழுத்துருப் பெயருக்கு அருகில் Embedded அல்லது Embedded Subset என்று இருக்க வேண்டும்.

தானாக வரிசைப்படுத்தும் வசதியும் அதன் ஆபத்தும்

மேலே சொன்னது கையால் வரிசைப்படுத்தும் முறை. நான்கு தனித்தனி ஏ5 பக்கங்களை 1, 2, 3, 4 என்று படிக்கும் வரிசையிலேயே தயாரித்து, அச்சிடும்போது மென்பொருளை மாற்றியடுக்கச் சொல்லும் வழியும் உண்டு. ரைட்டரின் அச்சுப் பெட்டியில் Brochure என்றும், அடோபி ரீடரில் Booklet என்றும் அது இருக்கும். ரீடரில் Booklet subset என்பதில் Both sides, Binding என்பதில் Left தேர்ந்தால் 4–1, 2–3 தானாக வரும். இரண்டில் எதுவும் சரிதான். ஆனால் இரண்டையும் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே 4–1, 2–3 என்று அடுக்கிய கோப்பை Booklet முறையில் அனுப்பினால், மென்பொருள் அதை இரண்டு பக்கப் புத்தகமாக எண்ணி மறுபடி அடுக்கும். முழு விரிப்பும் பாதியாகச் சுருங்கி, தாளின் ஒரு பாதி வெறுமையாக வரும். அப்படி வந்தால் கோப்பில் கோளாறு தேட வேண்டாம், Booklet-ஐ எடுத்துவிட்டாலே போதும்.

இருபுறம் அச்சிடுதல்

முதல் பிரதியைச் சாதாரணத் தாளில் எடுங்கள். அச்சுப் பெட்டியில் இரண்டு அமைப்புகள் முக்கியம். அளவில் Actual size அல்லது 100% இருக்க வேண்டும். Fit என்று இருந்தால் எல்லாம் சற்றுச் சுருங்கி, நீங்கள் கணக்கிட்ட ஓரங்கள் மாறும். அடுத்தது, தாள் எந்த விளிம்பில் திரும்ப வேண்டும் என்பது: Flip on short edge.

படுக்கைவாக்கில் வைத்த தாளில் குறுகிய விளிம்புகள் இடத்திலும் வலத்திலும் இருக்கின்றன. மடிப்பும் அவற்றுக்கு இணையாகவே ஓடுகிறது. அட்டையைத் திறந்து படிப்பவர் கையில் தாள் இடவலமாகத்தான் திரும்புகிறது, எனவே அச்சுப்பொறியும் அப்படியே திருப்ப வேண்டும். நீண்ட விளிம்பில் திருப்பினால் தாள் மேல்கீழாகப் புரண்டு, வெளிப்புறம் நேராகவும் உட்புறம் முழுவதும் தலைகீழாகவும் வரும். உட்புறம் தலைகீழாக வந்தால் காரணம் அநேகமாக இதுவே. கோப்பில் 2, 3 பக்கங்களைச் சுழற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள். வேறு இயந்திரத்தில் சரியான அமைப்போடு அச்சிடும்போது அந்தச் சுழற்சியே பிழையாகிவிடும்.

வந்த தாளை மடிக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முகப்புக்குப் பின்னால் அழைப்பு வாசகம் தெரிய வேண்டும். அங்கே நிகழ்ச்சிகள் தெரிந்தால், அதுவும் நேராக இருந்தால், கோப்பில் 2-உம் 3-உம் இடம் மாறியிருக்கின்றன.

தடித்த அட்டை பல அச்சுப்பொறிகளில் தானாக இருபுறம் திரும்பாது, சிக்கிக்கொள்ளும். அப்போது ஒரு புறம் முழுவதையும் முதலில் அச்சிட்டு, மை உலர்ந்த பின் தாள்களைத் திருப்பி மறுபுறம் அச்சிட வேண்டும். எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு சாதாரணத் தாளின் மேல் மூலையில் பென்சில் குறி போட்டு, தட்டில் எப்படி வைத்தீர்கள் என்று நினைவில் வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அட்டைக்கு அச்சிடும்போது தாள் வகையில் தடித்த தாளைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம். லேசர் அச்சுப்பொறியில் அதைச் சாதாரணத் தாள் என்றே விட்டால் மைத்தூள் சரியாக உருகி ஒட்டாமல், மடிக்கும்போது உதிரும்.

இரு புறமும் மிகச் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓரிரு மில்லிமீட்டர் விலகல் சாதாரணம். அதனால்தான் தாளின் விளிம்பை ஒட்டி மெல்லிய கட்டம் போடுவது நல்லதல்ல. ஒரு பக்கம் 4 மி.மீ., மறுபக்கம் 6 மி.மீ. என்று ஓரம் தெரிந்தால் கண் உடனே பிடித்துவிடும். கட்டம் வேண்டும் என்றால் விளிம்பிலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே வையுங்கள். அதே அளவு விலகல் அங்கே உறுத்தாது.

மடித்தல்

200 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேலான அட்டையை நேரடியாக மடித்தால் மடிப்பு நெளியும், மேற்பரப்பு வெடிக்கும். முதலில் பள்ளக்கோடு போட வேண்டும். 148.5 மி.மீ. இடத்தில் மேலும் கீழும் சிறு புள்ளி வைத்து, இரும்பு அளவுகோலைப் பொருத்தி, மை தீர்ந்த பேனா முனையால் வெளிப்புறத்தில், அதாவது 4–1 தெரியும் பக்கத்தில், ஒரே அழுத்தமாக இழுங்கள். பிறகு பள்ளம் வெளியே இருக்கும்படி மடியுங்கள். பள்ளத்துக்குப் பின்னால் எழும் மேடு மடிப்பின் உள்ளே போக வேண்டும், அதனால் வெளிப்பரப்பில் இழுவிசை குறையும்.

தாளின் நார்த்திசையும் பார்க்க வேண்டிய ஒன்று. அட்டையை மெதுவாக இரு திசையிலும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில் உண்டாகும் மடிப்பு நாருக்கு இணையானது. ஏ4 அட்டைகளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் நம் மடிப்பு அதற்குக் குறுக்கே விழுகிறது. அப்போது பள்ளக்கோடு இன்னும் அவசியமாகிறது. அடர்நிறப் பின்னணி மடிப்பைத் தாண்டி ஓடினால் வெடிப்பில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியும். மடிப்பின் இருபுறமும் 3 மி.மீ. வெள்ளையாக விட்டுவிடுவது எளிய தீர்வு.

அச்சகத்துக்குக் கொடுப்பதானால்

விளிம்புவரை நிறம் ஓட வேண்டும் என்றால் வீட்டு அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவற்றால் முடியாது. அச்சகம் பெரிய தாளில் அச்சிட்டு வெட்டும். அதற்கு ஒவ்வொரு விளிம்பிலும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை நீட்டி, 303 × 216 மி.மீ. அளவில் கோப்பு தர வேண்டும். மடிப்புப் பக்கம் கூடுதல் தேவையில்லை.

கோப்பு அடுக்கியதா அடுக்காததா என்பதைப் பெயரிலேயே சொல்லுங்கள்: “விரிப்பு, வெளிப்புறம் 4–1, உட்புறம் 2–3” அல்லது “தனிப்பக்கம், 1 முதல் 4 வரை”. இரண்டு வகையையும் சேர்த்து அனுப்பினால் எது எடுக்கப்படும் என்று தெரியாது, அச்சகத்தின் மென்பொருள் ஏற்கெனவே அடுக்கியதை மறுபடி அடுக்கவும் கூடும். பென்சிலில் எண்ணிட்ட மாதிரித்தாளையும் கூடவே கொடுத்துவிடுங்கள். ஒப்புதலுக்குத் திரையில் பார்க்கும் படத்தை மட்டும் அனுப்பினால் ஏற்க வேண்டாம். அதே அட்டையில் இருபுறமும் அச்சிட்டு மடித்த ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, நாள், நேரம், தொடர்பு எண்கள் ஆகியவற்றை அதில் விரல் வைத்துப் படித்த பிறகே மொத்த அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.